முதல் மனைவியின் ஃபோன் வரும் வீடு

விவாகரத்தானவருக்குப் பெண் கொடுக்கும்போது வீட்டார் நிறையவே விசாரிக்கிறார்கள். கோர்ட்டுத் தீர்ப்பின் நகல் இருக்கிறதா, ஜீவனாம்சம் மாதாமாதமா மொத்தமாகக் கொடுத்து முடித்ததா, குழந்தை யாரிடம் வளர்கிறது, வீடு யார் பேரில் என்று ஒன்றுவிடாமல் கேட்கிறார்கள். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. முதல் மனைவியோடு இப்போது பேச்சு இருக்கிறதா, எந்த நேரத்தில், எதைப் பற்றி? கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஃபோன் அடித்து, அதை எடுத்துக்கொண்டு அவர் பால்கனிக்கு எழுந்து போகும்போதுதான் அந்தக் கேள்வி புதுப்பெண்ணுக்கே தோன்றுகிறது.

அந்த நேரத்தில் அக்கம்பக்கத்து அறிவுரை இரண்டு விதமாக வரும். ஒன்று, “ஆரம்பத்துலயே அறுத்து விட்டுடணும்மா.” இன்னொன்று, “குழந்தை இருக்குல்ல, நீதான் அனுசரிச்சுப் போகணும்.” இரண்டாலும் பலன் இல்லை. குழந்தை இருக்கிற இடத்தில் அறுத்துவிட முடியாது. எல்லாவற்றையும் அனுசரித்தால் அந்த வீட்டில் மூன்று பேர் குடித்தனம் நடக்கும். நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு முதலில், வருகிற அழைப்புகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கணவரின் முன்னாள் மனைவியும் எட்டு வயதுக் குழந்தையும் உள்ள ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சிக்கல் முழு உருவத்தோடு தெரிவது அங்கேதான். முன்னாள் கணவர், முன்னாள் காதலர் விஷயங்களுக்குப் பிறகு வருகிறேன்.

கணவர் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கி நான்கு வருடம் ஆகிறது. மகள் அம்மாவோடு ஈரோட்டில் வளர்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாவது ஞாயிறும் காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை அப்பாவோடு இருக்கலாம், கோடை விடுமுறையில் பாதி அப்பாவிடம், பள்ளிக்கட்டணம் அப்பா பொறுப்பு. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான். ஃபோனைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் மறுமணம் செய்து ஆறு மாதம் ஆகிறது. புது மனைவி பள்ளி ஆசிரியை. கணவரின் ஃபோனில் முன்னாள் மனைவியின் எண் ‘பாப்பா அம்மா’ என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் பெயர் திரையில் ஒளிரும் ஒவ்வொரு முறையும் வீட்டில் பேச்சு நின்றுபோகிறது.

இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சிக்கலே. கெட்டவர் யார் என்று தெரிந்தால் முடிவெடுப்பது எளிது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிச் சண்டை அது தெரியாததால் வருகிறது. கணவன் மனைவி உறவைத்தான் விவாகரத்து முடிக்கிறது. அப்பா, அம்மா என்ற உறவு அப்படியே நிற்கிறது. 2020-ஆம் ஆண்டு யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. நேரில் பார்க்கும் உரிமை மட்டும் போதாது, குழந்தையோடு பேசும் உரிமையும் வேண்டும், குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது அதனிடம் பேச வழி இருக்க வேண்டும், வீடியோ கால் அதற்குச் சிறந்த வழி என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே நம் உதாரணத்தில் உள்ள புது மனைவி, “தினமும் ஈரோட்டுக்கு ஃபோன் போகக் கூடாது” என்று கேட்டால் அது ஒரு குழந்தையின் உரிமையில் கை வைப்பதாக ஆகிவிடும். கணவர் அதற்குச் சம்மதித்தால் அவர் நல்ல அப்பா இல்லை. தன் மகளை இன்னொருவரின் சொல்லுக்காகக் கைவிடுகிறவர், நாளை இவருக்குப் பிறக்கும் குழந்தையிடமும் அப்படி நடக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்குச் சொந்த ஃபோன் இல்லை. மகளிடம் பேச வேண்டுமென்றால் அம்மாவின் எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். மகளுடைய பத்து நிமிடத்துக்கு முன்னாலும் பின்னாலும் அம்மாவின் பேச்சு ஒட்டிக்கொள்வது அங்கேதான். பிரிக்க வேண்டிய இடமும் அதுதான்.

பிரிப்பதை ஒரு நாள் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும். கணவர் தன் ஃபோனைத் தானே திறந்து, கடந்த இரண்டு வாரத்தில் வந்த அழைப்புகளையும் வாட்ஸ்அப்பையும் பார்த்து, எது எதைப் பற்றியது என்று வாய்விட்டுச் சொல்லட்டும். மனைவி ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். அவர் குளிக்கப் போனபோது ஃபோனை எடுத்துப் பார்த்து எழுதிய பட்டியலுக்கு மதிப்பில்லை. அதில் ஒவ்வொரு வரியும் குற்றச்சாட்டாக மட்டுமே மாறும்.

நம் வீட்டில் அப்படி எழுதியபோது இருபத்திரண்டு அழைப்புகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். கேட்டதும் வயிறு கலங்கும். பிரித்தால் வேறு மாதிரி தெரியும். பதினொன்று மகளைப் பற்றியது: தினசரிப் பேச்சு, வயிற்றுவலி, பேரன்ட்ஸ் மீட்டிங், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எங்கே கொண்டுவந்து விடுவது. ஐந்து பழைய காகிதங்களைப் பற்றியது: இருவர் பேரிலும் வாங்கிய வீட்டுக்கடன், இன்னும் மாற்றாத எல்ஐசி நாமினி, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். மிச்சம் ஆறு வேறு ரகம். ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை, வீட்டு ஓனர் வாடகை ஏற்றுகிறார் என்ன சொல்லட்டும், தன் அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பார், ஆபீஸில் மனசே சரியில்லை. கடைசியாக ஒன்று, பழைய ஃபோட்டோ. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஊட்டியில் மூவரும் எடுத்தது. கீழே ஒரு வரிகூட இல்லை.

முதல் வகையைக் குறைக்கக் கூடாது, ஒழுங்குபடுத்தலாம். இரண்டாவது வகையைத் தீர்த்து முடிக்கலாம், முடிக்க வேண்டும். வீட்டுக்கடனை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் பலர் ஏமாறுவது அங்கே. விவாகரத்துத் தீர்ப்பில் வீடு யாருக்கு என்று எழுதிவிட்டதாலேயே வங்கி மற்றவரைக் கடனிலிருந்து விடுவித்துவிடாது. வங்கியைப் பொறுத்தவரை கையெழுத்துப் போட்ட இருவருமே பொறுப்பு. ஒருவர் விலக வேண்டுமானால் மற்றவரின் வருமானத்தைப் பார்த்து வங்கி சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் கடனை அடைத்தோ வேறு வங்கிக்கு மாற்றியோ முடிக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு தவணை தப்பும்போதும் ஒரு ஃபோன் வரத்தான் செய்யும். அந்த ஃபோனை நிறுத்த மனைவியிடம் சண்டை போட்டுப் பயனில்லை, வங்கி மேலாளரைப் போய்ப் பார்க்க வேண்டும். நாமினி மாற்றம், கூட்டுக் கணக்கை மூடுவது எல்லாம் சில நாள் வேலை. நான்கு வருடமாக அது கிடப்பில் இருக்கிறதென்றால், யாரோ ஒருவர் அந்த நூலை அறுக்க மனமில்லாமல் வைத்திருக்கிறார் என்றும் அர்த்தமாகலாம். அது கணவராகவும் இருக்கலாம்.

மூன்றாவது வகைதான் புது மனைவியின் நெஞ்சை அறுப்பது. ஸ்கூட்டி விஷயத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காமல் போகலாம். எட்டு ஒன்பது வருடம் எது என்றாலும் இவரைக் கூப்பிட்டே பழகியவர் அவர். விரல் தானாகவே அந்த எண்ணுக்குப் போகும். பிரிந்தவர்கள் ஏன் தொடர்பில் இருக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் நான்கு காரணங்களைச் சொல்கிறார்கள்: நம்பிப் பேச ஆள் வேண்டும் என்ற பாதுகாப்பு, குழந்தை பணம் போன்ற நடைமுறைத் தேவை, மனக்கசப்பில்லாமல் இருக்க வேண்டும் என்ற நாகரிகம், இன்னும் அணையாத ஆசை. நான்காவதைத்தான் நாம் எல்லோரும் உடனே சந்தேகிக்கிறோம். நம் உதாரணத்தில் ஸ்கூட்டியும் ஸ்கேனும் முதல் காரணத்தில் சேரும். ஊட்டி ஃபோட்டோ எதில் சேரும் என்று அனுப்பியவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

எதில் சேர்ந்தாலும், அந்த ஆறு அழைப்புகளை ஏற்கும் கடமை கணவருக்கு இல்லை. ஏற்கிறாரா என்பது அவருடைய முடிவு. இங்கே புது மனைவிகள் பெரும்பாலும் ஆளை மாற்றிச் சண்டை போடுகிறார்கள். “அவளுக்கு வெட்கமே இல்லையா?” என்ற கோபம் ஈரோட்டை நோக்கிப் பாய்கிறது. ஈரோட்டில் இருப்பவர் இவருக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பேச வேண்டியது அவரிடம்தான், முன்னாள் மனைவியிடம் பேச வேண்டியதும் அவர்தான். புது மனைவி நேராக ஃபோன் போட்டு, “இனிமேல் என் வீட்டுக்காரரைக் கூப்பிடாதீங்க” என்று சொன்ன வீடுகளில் அதன் பிறகு நடப்பதை யாரும் ஊகிக்கலாம். இரண்டு பெண்களின் சண்டையாக அது உருமாறும், கணவர் நடுவில் அப்பாவிபோல் நிற்பார், ஞாயிற்றுக்கிழமை மகளை அனுப்ப அம்மாவுக்கு மனம் வராது.

கணவரிடம் எப்படிப் பேசுவது? ஃபோன் வைத்த அடுத்த நிமிடம் பேசக் கூடாது. அப்போது அவர் காதில் அந்தக் குரல் இருக்கிறது, இவர் நெஞ்சில் கொதிப்பு இருக்கிறது. ஒரு விடுமுறை நாள் காலையில், காபி குடித்தபடி பேசலாம். “அவகூட உங்களுக்கு என்ன ஓயாத பேச்சு?” என்று தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வாயைத் திறப்பார். அதே ஆதங்கத்தை வேறு மாதிரி சொல்லலாம்: “என்னங்க, பாப்பாகிட்ட நீங்க பேசறது எனக்குச் சந்தோஷம்தான். அவங்க ஃபோன் வந்ததும் நீங்க எழுந்து வெளியே போயிடறீங்க பாருங்க, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. இங்கேயே உட்கார்ந்து பேசுங்க. சாப்பிடற நேரத்துல எடுக்காதீங்க.” இதில் இரண்டு கோரிக்கைகள்தான் இருக்கின்றன, இரண்டும் நாளைக்கே செய்யக்கூடியவை. “எனக்கு முக்கியத்துவம் கொடுங்க” என்று கேட்டால் அவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. பால்கனிக்குப் போகாதே என்றால் புரியும்.

மறுமணக் குடும்பங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கும் அமெரிக்க உளவியலாளர் பட்ரீஷியா பேப்பர்னோ, இந்த வீடுகளில் ஒருவர் எப்போதும் உள்ளாளாகவும் ஒருவர் எப்போதும் வெளியாளாகவும் மாட்டிக்கொள்கிறார் என்கிறார். அப்பாவுக்கும் மகளுக்கும் பொதுவான கதைகள், செல்லப் பெயர்கள், சாப்பாட்டு ருசிகள் முன்பே இருக்கின்றன. அதில் முன்னாள் மனைவிக்கும் பங்கு உண்டு. புதிதாக வந்தவருக்கு இல்லை. இது கணவரின் அன்பு குறைவதால் வருவதில்லை, அவர்கள் சந்தித்த வரிசையால் வருவது. இதைக் கணவர் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. “நீ தேவையில்லாம சந்தேகப்படறே” என்று அவர் சொல்லும்போது வலி இரட்டிப்பாகிறது. “ஆமாம்மா, நீ வெளியே நிக்கற மாதிரிதான் இருக்கும், எனக்குப் புரியுது” என்று சொல்வதற்கு அவருக்கு எந்தச் செலவும் இல்லை.

அடுத்தது, முன்னாள் மனைவிக்கு அவர் சொல்ல வேண்டியது. இதை எழுதி அனுப்புவது நல்லது. ஃபோனில் சொன்னால் பழைய கதை எல்லாம் கிளம்பும். நான்கு நல்ல குணங்கள் அந்தச் செய்தியில் இருக்க வேண்டும் என்று பில் எடி என்ற அமெரிக்க வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்: சுருக்கம், தகவல் மட்டும், இதமான தொனி, உறுதி. நம் ஊர்ப் பேச்சில் அது இப்படி இருக்கலாம்:

“பாப்பா படிப்பு, உடம்பு, ஞாயித்துக்கிழமை ஏற்பாடு இதுக்கெல்லாம் எப்பவும் போல நான் இருக்கேன். இதையெல்லாம் இனிமே வாட்ஸ்அப்ல எழுதிடு, அன்னைக்கே பதில் போடறேன். தினமும் ராத்திரி ஏழரை மணிக்குப் பாப்பாவுக்கு வீடியோ கால் பண்றேன். அவசரம்னா எந்த நேரமும் கூப்பிடலாம். லோன் விஷயமா இந்த மாசமே பேங்க்ல பேசி முடிச்சிடறேன். மத்த விஷயங்களுக்கு இனிமே என்னால வர முடியாது. நல்லா இரு.”

இதில் புது மனைவியின் பெயரே இல்லை என்பதைக் கவனியுங்கள். “அவளுக்குப் பிடிக்கலை, அதனால…” என்று எழுதியிருந்தால் அது கணவரின் முடிவாக இருக்காது. வீட்டுக்காரிக்குப் பயந்த ஒருவரின் மன்னிப்புக் கடிதமாக இருக்கும். அவள் கண் மறைவில் பேசலாம் என்ற அழைப்பும் அதற்குள் ஒளிந்திருக்கும். முடிவைத் தன்னுடையதாகச் சொல்லத் துணியாத ஆணோடு இந்த விஷயத்தில் எந்த ஏற்பாடும் நிலைக்காது என்பது என் திடமான எண்ணம்.

‘அவசரம்’ என்றால் என்ன என்பதையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், பள்ளியில் அடிபட்டுவிட்டது, வேன் வந்தும் குழந்தை வரவில்லை, இவை அவசரம். சளி பிடித்திருக்கிறது, சிரப் கொடுத்திருக்கிறேன் என்பது செய்தி. இந்தக் கோடு இல்லாவிட்டால் எல்லா ஸ்கூட்டிகளும் அவசரமாகிவிடும்.

செய்தி போன பிறகு முதல் சில வாரங்கள் நிலைமை மோசமாகும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் முயற்சி தோற்றுவிட்டது என்று இருவருமே கைவிட்டுவிடுவார்கள். வழக்கமாகக் கிடைத்த பதில் திடீரென்று கிடைக்காமல் போனால் மனிதர்கள் முதலில் இன்னும் அழுத்தமாகக் கேட்பார்கள். இரண்டு மிஸ்டு கால் ஐந்தாகும். “பாப்பா அழறா” என்று செய்தி வரும். அப்போது ஐந்தாவது மிஸ்டு காலுக்குக் கணவர் ஃபோனை எடுத்துவிட்டால், ஐந்து முறை கூப்பிட்டால்தான் இவர் எடுப்பார் என்று அவரே கற்றுக்கொடுத்ததாக ஆகும். “பாப்பா அழறா” என்பதற்குச் சரியான பதில், “பாப்பாகிட்ட ஃபோனைக் குடு.” மகளோடு பேசி, சமாதானப்படுத்தி, வைத்துவிடலாம். ஏழரை மணி அழைப்பை மட்டும் ஒரு நாளும் தவறவிடக் கூடாது. அது தவறினால் எதிர்ப்பக்கத்துக் கோபத்தில் நியாயம் வந்துவிடும்.

குழந்தையைத் தூது விடுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. “அம்மா ஃபீஸ் கட்டச் சொன்னாங்க”, “புது ஆன்ட்டி வீட்ல என்ன சமைச்சாங்கன்னு அம்மா கேட்டாங்க” என்று மகள் சொன்னால், இரு பக்கத்துப் பெரியவர்களும் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். ஃபோனை ஒரேயடியாக அறுத்துவிட்ட வீடுகளில்தான் இது அதிகம் நடக்கக்கூடியது. பேச வேண்டியது எப்படியும் பேசப்படும், சுமப்பது குழந்தை. கான்ஸ்டன்ஸ் ஆரன்ஸ் என்ற ஆய்வாளர் விவாகரத்தான பெற்றோரை ஐந்து ரகமாகப் பிரித்தார். ஒரு முனையில் இன்னும் உயிர்த்தோழர்களாக இருப்பவர்கள், மறு முனையில் தீராப் பகைவர்களும் தொடர்பே அற்றுப்போனவர்களும். அவர் சொல்லும் இன்னொரு ரகம், ஒரே ஆபீஸில் வேலை பார்ப்பவர்களைப் போலக் குழந்தை விஷயத்தில் மட்டும் ஒத்துழைப்பவர்கள். நம் உதாரணக் குடும்பம் எட்ட வேண்டிய இடம் அதுதான். பம்ப் கம்பெனியில் பக்கத்து செக்‌ஷன்காரரிடம் இவர் மரியாதையாகப் பேசுகிறார், வேலை விஷயத்தை மறைப்பதில்லை, ராத்திரி பத்து மணிக்கு மனக்கஷ்டத்தைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்த அளவு.

சரி, கணவர் மறைத்தால்? கால் லாக்கை அழிக்கிறார், எண்ணை வேறு பெயரில் பதிந்து வைத்திருக்கிறார், ஈரோடு போனதைச் சேலம் என்கிறார். இதில் இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு அழைப்புக்கும் வீட்டில் ஒரு மணிநேரம் விசாரணை நடந்தால், ஒன்றுமில்லாத அழைப்பையும் பயந்து அழிப்பவர்கள் இருக்கிறார்கள். மறைக்க ஏதோ இருப்பதால் அழிப்பவர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல் தெரியும். பிரித்தறிய ஒரு வழிதான் எனக்குத் தெரியும்: விசாரணையை நிறுத்திவிட்டு, “வந்த ஃபோனைச் சொல்லுங்க, நான் கத்த மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்து, அந்த வாக்கைக் காப்பாற்றிப் பார்ப்பது. பயத்தால் மறைத்தவர் ஓரிரு மாதத்தில் தானே சொல்லத் தொடங்குவார். அதன் பிறகும் மறைப்பு தொடர்ந்தால், பிரச்சினை முன்னாள் மனைவி இல்லை, இந்தத் திருமணம்தான். குடும்பநல ஆலோசகரிடம் இருவரும் போக வேண்டிய நேரம் அது.

பாஸ்வேர்டு கேட்கலாமா என்று பல பெண்கள் கேட்பார்கள். கேட்டு வாங்கினால் சில நாள் நிம்மதியாக இருக்கும், பிறகு பார்க்காமல் இருக்க முடியாது, பார்த்தால் தூங்க முடியாது. பார்க்க வேண்டிய அடையாளம் வேறு. உங்கள் இருவருக்குள் நடக்கும் சண்டை, பணக்கஷ்டம், படுக்கையறை விஷயம் ஏதாவது அங்கே போகிறதா? அவர் உங்களைப் பற்றி முன்னாள் மனைவியிடம் குறை சொல்கிறாரா? எத்தனை நிமிடம் பேசினார் என்பதைவிட இது பெரியது. குழந்தையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவதில் தவறில்லாமல் இருக்கலாம். இன்றைய மனைவியைப் பற்றி இரண்டு நிமிடம் ஆறுதல் தேடிப் பேசினால் எல்லை தாண்டியாகிவிட்டது.

குழந்தையும் இல்லை, கூட்டுக் கடனும் இல்லை, காதலித்துப் பிரிந்தவர்கள், இன்னும் தினமும் ‘குட் மார்னிங்’ போகிறது என்றால் கணக்கு எளிது. அங்கே கடமை என்ற வகையே கிடையாது. நட்பு மட்டும்தான் மிச்சம் என்றால், அந்த நட்பை உங்கள் முன்னால் வைத்துப் பேச முடிய வேண்டும், அவர் உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போக முடிய வேண்டும். ‘உனக்குத் தெரியாத ஃபிரெண்ட்’ என்று யாரும் இருக்கத் தேவையில்லை.

முன்னாள் கணவர் விடாமல் கூப்பிடும் நிலைமை வேறு, அதில் ஆபத்தும் வேறு. மறுமணம் செய்துகொண்ட பெண்ணுக்குப் பழைய கணவர் நாளுக்குப் பத்து முறை கூப்பிடுகிறார், ஆபீஸ் வாசலில் நிற்கிறார், குழந்தையைச் சாக்காக வைத்துப் பேச்சை வளர்க்கிறார் என்றால், அதை ‘பழைய பாசம்’ என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெண் தெளிவாக விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் அவளைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும் பின்தொடர்வதும் பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு மூன்று வருடம் வரை சிறை. இங்கே ‘தெளிவாக’ என்பதுதான் முக்கியம். அந்தப் பெண் தன் கையால், “குழந்தை விஷயம் தவிர எதற்கும் என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்” என்று ஒரே ஒரு முறை எழுதி அனுப்பி, அந்தச் செய்தியைப் பத்திரப்படுத்த வேண்டும். அதன் பிறகு வரும் அழைப்புகளுக்குப் பதில் கூடாது, அழிக்கவும் கூடாது. புதுக் கணவர் கோபத்தில் நேரே போய்ச் சட்டையைப் பிடித்தால் வழக்கு அவர் மேல் திரும்பும். அவர் செய்யக்கூடிய உதவி, மனைவியோடு காவல் நிலையத்துக்கோ வழக்கறிஞரிடமோ கூடவே போவது. பெண்களுக்கான உதவி எண் 181-ல் வழிகாட்டுவார்கள்.

நம் உதாரண வீட்டுக்கே திரும்பினால், எழுதிச் சொல்லியும் ஈரோட்டில் மாற்றமில்லை, மகளைக் காட்டாமல் இழுத்தடிக்கிறார் என்றால், அங்கும் கோர்ட்டு இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி குழந்தையைப் பற்றிய உத்தரவுகளைக் காலத்துக்கு ஏற்ப மாற்றக் கேட்கலாம். வீடியோ கால் எத்தனை மணிக்கு, எந்த எண்ணில், குழந்தையை எங்கே கொண்டுவந்து விடுவது என்று நான்கு வருடத்துக்கு முன் எழுத மறந்ததை இப்போது எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலும் அதற்கு முன்பே, குடும்பநீதிமன்றத்தின் ஆலோசகர் முன்னிலையில் உட்கார்ந்து பேசினாலே ஒரு அட்டவணை வந்துவிடும். புதிதாக விவாகரத்து ஒப்பந்தம் எழுதுபவர்கள் இந்த வரிகளை முதலிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

ஒன்றில் மட்டும் விதிகளைப் பார்க்கக் கூடாது. முன்னாள் மனைவியோ கணவரோ, “நான் செத்துப்போறேன்” என்று செய்தி அனுப்பினால், அது நடிப்பா என்று எடைபோட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கணவர் தனியாக ராத்திரி பஸ் பிடித்து ஓட வேண்டியதில்லை. ஈரோட்டில் இருக்கும் அவர் அப்பா, அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது உடனே கூப்பிட்டு நேரில் போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 108. மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது. இவற்றைக் கணவர், மனைவி இருவர் ஃபோனிலும் பதிந்து வைத்திருப்பது நல்லது.

இந்த ஏற்பாடெல்லாம் ஃபோனோடு முடிவதில்லை. பள்ளி ஆண்டு விழா வரும், காதுகுத்து வரும், சில வருடத்தில் மஞ்சள் நீராட்டு வரும். அப்பாவும் அம்மாவும் ஒரே மேடையில் நிற்க வேண்டிய நாட்கள் அவை. அன்று புது மனைவி வீட்டில் இருக்க வேண்டுமா, கூடப் போக வேண்டுமா, போனால் எங்கே உட்கார வேண்டும் என்பது அன்று காலையில் முடிவு செய்கிற விஷயம் இல்லை. ஒரு மாதம் முன்பே கணவர் வாட்ஸ்அப்பில் கேட்டுவிடலாம்: “நாங்க ரெண்டு பேரும் வரோம், முதல் வரிசையில ஒரு ஓரமா உட்கார்ந்துக்கறோம், ஃபோட்டோவுக்கு நீயும் நானும் பாப்பாகூட நிக்கறோம், சரியா?” ஈரோட்டுத் தாத்தா பாட்டிக்கும் அது முன்கூட்டியே தெரிந்துவிடும். மேடைக்குக் கூப்பிடும்போது யார் எழுந்திருப்பது என்று தெரியாமல் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியிருக்காது. சில குடும்பங்களில் முதல் வருடம் புது மனைவியே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடுவார், அடுத்த வருடம் போவார். அந்த முடிவு அவருடையதாக இருந்தால் அதிலும் தவறில்லை.